பெட்டியைப் படம் பிடித்தால் போதுமா?



போன ஞாயிற்றுக்கிழமை நம் பழைய மாணவர் குழுவில் நடந்த கூத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பதிவு எதற்கு என்று தெரியும். பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்த ஒரு பெண், இன்று அவளே ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியை, தன் அப்பாவின் தையல் பெட்டியைத் திறந்து படம் எடுத்துப் போட்டிருந்தாள். பழைய பிஸ்கட் தகரப் பெட்டி. அப்பா இறந்து மூன்று வருஷம் ஆகிறது. கடைத்தெருவில் சின்னதாகத் தையல் கடை வைத்திருந்தவர். அவள் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தொழில்களைப் பற்றி ஒரு கண்காட்சி வைக்கிறார்கள். அதில் இந்தப் பெட்டியை வைத்து, ஒவ்வொரு சாமானுக்கும் முன்னால் ஒரு பெயர் அட்டை வைக்க ஆசை. "இதுக்கெல்லாம் பேர் சொல்லுங்க" என்று கேட்டிருந்தாள்.

ஒரு மணி நேரத்தில் நாற்பது பதில். நான் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்காருவதற்குள் எல்லாவற்றுக்கும் பெயர் வைத்து முடித்துவிட்டார்கள். வளையம் மாதிரி இருந்த ஒன்றுக்கு மோதிரம், பேனா மூடி, விரல் கவசம் என்று மூன்று பெயர். முக்கோணக் கட்டிக்குச் சோப்புத் துண்டு. பல் வைத்த சக்கரத்தைப் பார்த்து என் மதினி, "இது சோமாஸ் கரண்டி, எங்க வீட்லயே இருக்கு" என்று சத்தியம் செய்யாத குறை. கவட்டை மாதிரி முனை உள்ள ஒன்றைக் காது குடைகிற சாமான் என்றார் ஒருவர். கடைசியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற எங்கள் அத்தான் வந்து, விரற்கவசம், குறிச்சுண்ணம், சுவட்டாழி, தையல் பிரிப்பான் என்று அழகாக எழுதிக் கொடுத்தார். எல்லாரும் கைதட்டல் பொம்மை போட்டார்கள். அந்தப் பெண் அட்டை அச்சடிக்கக் கிளம்பிவிட்டாள்.

நான்தான் "பொறு" என்றேன். அதனால் அத்தானுக்கு என் மேல் வருத்தம். தமிழ்ப் பெயர் வேண்டாம் என்கிறாளே என்று நினைத்துவிட்டார். அது இல்லை அத்தான். தையல் பிரிப்பான் நல்ல பெயர். அந்தச் சாமான் என்ன செய்கிறதோ அதையே சொல்கிறது. விரற்கவசம்தான் எனக்கு ஆகவில்லை. ஏன் என்று நாலு வரியில் குழுவில் எழுதினேன், யாருக்கும் புரியவில்லை. அதனால் இங்கே விரித்து எழுதுகிறேன்.

என் கட்சி இதுதான். படத்தில் தெரிவது வடிவம். சாமானுக்குப் பெயர் வருவது அது செய்கிற வேலையிலிருந்து. வடிவத்தைப் பார்த்துப் பெயர் வைத்தால் சக்கரமெல்லாம் சோமாஸ் கரண்டி ஆகிவிடும். வேலையைத் தெரிந்துகொள்ள அந்தச் சாமானின் தேய்மானத்தைப் பார்க்க வேண்டும், பக்கத்தில் என்ன கிடக்கிறது என்று பார்க்க வேண்டும், எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த வீட்டில் யாரைக் கேட்கலாம் என்று பார்க்க வேண்டும். இந்தக் கடைசியை நானும் தாமதமாகத்தான் நினைத்தேன். அது பிறகு.

முதலில் அந்த வளையம். இரும்போ பித்தளையோ, முலாம் பூசியது. மேலேயும் திறப்பு, கீழேயும் திறப்பு. சுற்றிலும் அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாக இருக்கும். விரல் கவசம் என்று சொன்ன எல்லாரிடமும் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: எந்த விரலில் போடுவீர்கள்? பாதிப் பேர் இடது கை ஆள்காட்டி விரல் என்றார்கள். துணிக்கு அடியில் இருக்கிற விரலில் ஊசி குத்தாமல் இருக்க, என்று காரணமும் சொன்னார்கள். பார்த்தீர்களா, பெயர் அவர்களை எங்கே கொண்டுபோய் விட்டது என்று!

அது ஊசி முனையிடமிருந்து தப்பிக்க அல்ல. ஊசியின் காதைத் தள்ள. தைக்கிற கையின் நடுவிரலில் போட வேண்டும். தடித்த துணியில், கால்சட்டை இடுப்புப் பட்டியிலோ கோட்டுக் காலரிலோ, நாலு மடிப்புக்குள் ஊசி போகாது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஊசியைப் பிடித்து வழி காட்டும். நடுவிரல் பின்னாலிருந்து தள்ளும். வெறும் விரலால் தள்ளினால் ஊசியின் காதுப் பக்கம் சதைக்குள் இறங்கிவிடும். அதற்குத்தான் உலோகம். உலோகம் வழவழப்பாக இருந்தால் காது வழுக்கும். அதற்குத்தான் அந்தக் குழிகள். துணிக்கு அடியில் இருக்கிற இடது கை விரல் குத்துப்படத்தான் செய்யும். ஊசி இந்தப் பக்கம் வந்துவிட்டது என்று தையல்காரருக்கு அதுதான் தெரிவிக்கிறது.

நானும் தப்பாகப் போட்டவள்தான். ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குக் கைத்தொழில் பாடமாகத் தையல் இருந்தது. முதல் நாள் இதைக் கையில் கொடுத்ததும் இடது கையில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். துணியைப் பிடிக்க முடியவில்லை, தையல் கோணிக்கொண்டு போனது. இது எதற்கு என்று கழற்றிப் போட்டுவிட்டு வெறும் விரலால் தைத்தேன். பிறகு நான் வகுப்பு எடுத்தபோது என் பிள்ளைகளும் அதையேதான் செய்தார்கள். கவசம் என்று அட்டை எழுதி வைத்தால் அந்த எட்டாம் வகுப்புப் பிள்ளைகளும் அதையேதான் செய்வார்கள்.

இதில் இரண்டு சாதி உண்டு. மேலே மூடியது ஒன்று; தொப்பி மாதிரி இருக்கும். அதைப் போட்டால் விரல் நுனியால் தள்ளலாம். பெண்கள் உடை, பூவேலை தைப்பவர்களிடம் அதிகம் பார்க்கலாம். இன்னொன்று மேலே திறந்தது. அது தையல்காரர்களுடையது. அதில் நுனியால் தள்ளுவது கிடையாது. நடுவிரலை மடக்கி, நகத்துக்குப் பக்கவாட்டில் உள்ள இடத்தால் தள்ள வேண்டும். பழகாதவர்களுக்கு விரல் தானாக நீட்டிக்கொள்ளும். லண்டனில் கோட் தைக்கும் கடைகளில், புதிதாகச் சேர்ந்த பையனின் நடுவிரலை மடக்கி நூலால் கட்டிவிட்டுப் பழக்குவார்களாம். மேலே திறப்பு இருப்பது உடைந்துபோனதால் என்று நம் குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். உடையவில்லை தம்பி. அதன் வார்ப்பே அப்படித்தான்.

கிட்டத்தில் வைத்து இன்னொரு படம் அனுப்பச் சொன்னேன். சுற்றிலும் குழி தெளிவாக இருந்தது. ஒரு பக்கத்தில் மட்டும், ஒரு கடலைப்பருப்பு அகலத்துக்கு, குழியே தெரியாமல் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. தினம் ஒரே பக்கம் வெளியே தெரிய மாட்டி, அந்த ஒரே இடத்தால் தள்ளியிருக்கிறார் மனிதர். ஒரு மாணவன் இதைப் பார்த்து, "அப்படின்னா அவர் இடதுகைக்காரரா டீச்சர்?" என்று கேட்டான். வளையத்தைத் திருப்பி எப்படி வேண்டுமானாலும் மாட்டலாம், அதனால் இந்தத் தேய்மானம் கையைச் சொல்லாது. உழைப்பைத்தான் சொல்லும்.

இதற்குத் தையல்காரர்கள் வாயில் வழங்கும் பெயர் அங்குஸ்தான். பாரசீகத்தில் அங்குஷ்த் என்றால் விரல். அங்கிருந்து உருது பேசும் தையல்காரர்கள் வழியாக வந்து, நம் அகராதியிலும் ஏறிவிட்ட சொல். இதைக் குழுவில் எழுதியதும் அந்தப் பெண்ணிடமிருந்து கொஞ்ச நேரம் பதிலே இல்லை. பிறகு எழுதினாள்: "டீச்சர், அப்பா கடையிலிருந்து சாப்பிட வந்தா, வேலையையும் எடுத்துட்டு வருவாரு. சாப்பிட்டு முடிச்சதும் 'அங்குசத்த எடு பாப்பா'ம்பாரு. அங்குசம் இருக்கு, யானை எங்கப்பான்னு நானும் தம்பியும் சிரிப்போம். அவரும் சிரிப்பாரு. எதை எடுத்துக் குடுத்தோம்னு மறந்தே போச்சு. இதுதானா அது?" இதுதான்மா அது.

அந்தச் சொல்லை அட்டையில் முதல் வரியாக எழுது என்றேன். அதற்குக் கீழே, தைக்கும் கையின் நடுவிரலில் மாட்டி ஊசியின் காதைத் தள்ளுவது என்று ஒரு வரி. அத்தானுக்கு வேண்டுமானால் மூன்றாவது வரியில் அவருடைய தமிழ்ப் பெயர். ஆனால் கவசம் வேண்டாம். விரல்தள்ளி என்று வேண்டுமானால் எழுதுங்கள் அத்தான், நான் சண்டைக்கு வரவில்லை.

அடுத்தது சோப்பா, சாக்கா என்ற வழக்கு. படத்தில் நீலமாக ஒரு முக்கோணக் கட்டி, பக்கத்தில் வெள்ளையாக, ஓரம் மெலிந்து வளைந்த இன்னொரு கட்டி. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. இதில் ஒரு உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும்: படத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் இதற்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது. தையல்காரர் குறி போட மண் கலந்த சாக் இருக்கிறது, மெழுகில் செய்த சாக் இருக்கிறது, ஒன்றும் இல்லாவிட்டால் குளியலறையில் தேய்ந்து மெலிந்த சோப்பும் இருக்கிறது. மூன்றும் கோடு போடும்.

அதனால் அவளைச் செய்து பார்க்கச் சொன்னேன். ஒரு கறுப்புத் துணித் துண்டில் இரண்டாலும் கோடு போடு. பிறகு துணியைத் தட்டு. தட்டினால் தூள் பறந்து கோடு மங்கினால் மண் சாக். தட்டினாலும் போகாமல், நகத்தால் சுரண்டினால் மெழுகுவர்த்தி மாதிரி சுருண்டு வந்தால் மெழுகு. ஈர விரலால் தேய்த்து நுரைத்தால் சோப்பு. நீலம் பறந்தது. வெள்ளை நுரைத்தது! வாசனை கூட இன்னும் இருந்ததாம். ஆகவே சோப்பு என்று சொன்னவர் பாதி வழக்கில் ஜெயித்தார். அட்டையில் அப்படியே சோப்புத் துண்டு என்றுதான் எழுத வேண்டும். அதை மறைத்து இரண்டையும் மார்க்கிங் சாக் என்று எழுதினால், கெட்டிக்காரத்தனமாக வேலை செய்த ஒரு மனிதரைப் பாடப்புத்தகத்துத் தையல்காரராக மாற்றிவிடுகிறோம்.

மெழுகு சாக் கிடைக்காதது நல்லதுதான். கம்பளித் துணியில் அதன் கோடு இஸ்திரிச் சூட்டில் உருகி மறைந்துவிடும். மெல்லிய பருத்தியிலும் பட்டிலும் எண்ணெய்க் கறையாக நின்றுவிடவும் கூடும். ஓரத்துண்டில் போட்டுப் பார்க்காமல் பட்டு ரவிக்கையில் அதை வைக்கக் கூடாது.

இந்தக் கட்டிகளின் ஓரம் ஏன் அவ்வளவு மெலிந்திருக்கிறது? தேய்ந்து அல்ல, சீவி. பள்ளிக்கூடச் சாக்பீஸால் ரவிக்கைத் துணியில் கோடு போட்டுப் பாருங்கள். கோடு 3 மில்லிமீட்டர் அகலம் வரும். கோட்டுக்கு உள்பக்கம் வெட்டுவதா, வெளிப்பக்கம் வெட்டுவதா? ரவிக்கையின் இரண்டு பக்கமும் முன்துண்டும் பின்துண்டும் சேர்கின்றன. ஆக நாலு ஓரம். ஒவ்வொன்றிலும் 3 மில்லிமீட்டர் உள்ளே போனால் மொத்தம் 12 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட அரை இஞ்சு. கல்யாணத்துக்கு முந்தின நாள் ராத்திரி "மூச்சு முட்டுது"ன்னு கடை வாசலில் வந்து நிற்கிறோமே, அந்த அரை இஞ்சு. அதனால்தான் சாக்கைக் கத்தி முனை மாதிரி சீவி வைத்துக்கொள்வார்கள்.

சீவ என்ன வேண்டும்? அந்தப் படத்திலேயே இருக்கிறது. நாற்பது பேரில் ஒருவரும் அதற்குப் பெயர் கேட்கவில்லை: ஓரத்தில் கிடக்கிற பாதி பிளேடு. சவரம் செய்கிற பிளேடை நீளவாக்கில் இரண்டாக உடைத்து, ஒரு பக்கம் துணி சுற்றி வைத்திருக்கிறார். அதில் நீலத் தூள் ஒட்டியிருந்தது. குப்பை என்று அதை எடுத்துப் போட்டுவிட இருந்தாளாம். போடாதே, அதற்கும் ஒரு அட்டை உண்டு என்றேன். பிள்ளைகள் தொடுகிற இடம். அதனால் கூர்ப்பக்கத்தில் தடித்த டேப் ஒட்டிக் கண்ணாடிக்குள் வைக்கச் சொல்லியிருக்கிறேன். இந்தப் பிளேடு கொஞ்ச நேரத்தில் மறுபடி வரும்.

இப்போது மதினியின் சோமாஸ் கரண்டி. மதினியைக் குறை சொல்ல மாட்டேன். மேலிருந்து எடுத்த படத்தில் இரண்டும் ஒன்றுபோலவேதான் இருக்கும். கைப்பிடி, நுனியில் உருளும் சக்கரம், சக்கரத்தில் பல். சந்தேகம் தீர வேண்டுமானால் சக்கரத்தை நேருக்கு நேர், உங்களை நோக்கி உருண்டு வருகிற மாதிரி வைத்துப் பார்க்க வேண்டும். சோமாஸ் கரண்டியின் விளிம்பு பாம்பு மாதிரி இடமும் வலமும் நெளியும். மாவை நெளி நெளியாக வெட்ட அப்படித்தான் இருக்க வேண்டும். தையல்காரருடைய சக்கரம் தட்டையான தகடு. நேரே பார்த்தால் ஒரே கோடாகத் தெரியும். பல் எல்லாம் வெளியே பார்த்து, சூரியன் படம் வரைந்த மாதிரி, கூராக இருக்கும். காலண்டர் தாளில் உருட்டிப் பார்க்கச் சொன்னேன். வெட்டவில்லை, வரிசையாகப் புள்ளி விழுந்தது. மதினி, உங்கள் கரண்டியை நீங்களும் உருட்டிப் பாருங்கள்.

இதன் பெயர் டிரேசிங் வீல். தையல் பள்ளிக்குப் போன யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். வேலை இது: ரவிக்கையின் முன்பக்கத்தில் டாட் பிடிக்கிறோம் அல்லவா, துணியை ஊசிமுனை மாதிரி மடித்துத் தைக்கிறோமே அது, வலது பக்கம் எங்கே வந்ததோ இடது பக்கமும் அங்கேயே வர வேண்டும். தாளில் வரைந்த வடிவத்தைத் துணி மேல் வைத்து, இடையில் தையலுக்கென்று விற்கிற கார்பன் தாளை வைத்து, கோட்டின் மேல் சக்கரத்தை ஒருமுறை அழுத்தி உருட்டினால் துணியில் புள்ளிக் கோடு விழும். இதில் இரண்டு தப்பு சகஜம். ஒன்று, அலுவலகத்துக் கார்பனை வைப்பது. அந்த மை துவைத்தாலும் போகாமல் நிற்கும். அதன் மேல் இஸ்திரியும் போட்டுவிட்டால் கேட்கவே வேண்டாம். இரண்டாவது, கூர்ப்பல் சக்கரத்தை மெல்லிய பட்டில் அழுத்துவது. இழை அறுந்து, தைத்த பிறகும் ஓட்டை வரிசை தெரியும். அதற்குப் பல் இல்லாத வழவழப்புச் சக்கரம் தனியாக இருக்கிறது.

இவ்வளவும் எழுதி முடித்த பிறகுதான் எனக்கு ஒன்று உறுத்தியது. அங்குஸ்தான் அப்படித் தேய்ந்திருக்கிறது. இந்தச் சக்கரத்தின் பல் ஒன்றுகூட மழுங்கவில்லை. நாற்பது வருஷம் ரவிக்கை தைத்தவர் பெட்டியில் எப்படி? அந்தப் பெண்ணிடம் கேட்டேன். அவளும், "அப்பா இத உருட்டி நான் பாத்ததில்ல டீச்சர். துணிய ரெண்டா மடிச்சு, ஒரு பக்கம் சாக்ல அழுத்திப் போட்டுட்டு, உள்ளங்கையால தட்டுவாரு. அடிப்பக்கம் பதிஞ்சிரும்" என்றாள். ஆமாம், கடைத்தெருவில் வேகமாக வேலை செய்கிறவர்கள் செய்வது அதுதான். தாள் வடிவம் வைத்துச் சக்கரம் உருட்ட அவர்களுக்கு நேரம் ஏது?

அப்படியானால் இது யாருடையது? அப்போதுதான் நான் கேட்க வேண்டிய முதல் கேள்வியைக் கேட்டேன். "அம்மா எங்கேம்மா இருக்காங்க?"

அம்மா பக்கத்து அறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள்!

நாற்பது பேர் ஊர் ஊராக உட்கார்ந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். நான் தேய்மானம், தூள் என்று துப்பறிகிறேன். விஷயம் தெரிந்தவர் பத்தடி தூரத்தில் இருக்கிறார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் மடியில் வைத்தாளாம். அம்மா முதலில் எடுத்தது அந்தச் சக்கரத்தை. "இது என்னுதுல்லா." கல்யாணத்துக்கு முன்னால் தையல் பரீட்சைக்குப் படித்தவர் அவர். அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் லோயர் கிரேடு முடித்துச் சான்றிதழ் வாங்கியவர். சக்கரம் அந்தக் காலத்தில் வாங்கியது. கல்யாணம் ஆனபிறகு கடைக்குப் போகவில்லை. வீட்டில் உட்கார்ந்து கடைத் துணிக்கெல்லாம் ஹெம்மிங் செய்து, கொக்கி வைத்து, காஜா எடுத்தது முழுக்க அவர்தான். மகளுக்கு அம்மா கை வேலை செய்ததும் தெரியும், அப்பா தையல்காரர் என்பதும் தெரியும். அம்மாவும் தையல் படித்தவர் என்பது இந்த ஐம்பது வயதில்தான் தெரிகிறது.

அங்குஸ்தான் அப்பாவுடையதுதான். "எனக்கு விரல்ல நிக்காது" என்று சொல்லி நடுவிரலைக் காட்டியிருக்கிறார். நகத்தின் ஓரத்தில் தோல் காய்த்துப்போய்க் கெட்டியாக இருக்கிறதாம்.

அடுத்து, காது குடைகிற சாமான். அதுதான் அத்தானின் தையல் பிரிப்பான், கடையில் கேட்டால் சீம் ரிப்பர். கவட்டையின் நீண்ட கிளை கூர். குட்டைக் கிளையின் நுனியில் சிவப்பாக ஒரு சின்ன உருண்டை. இரண்டும் சேர்கிற இடுக்கில்தான் வெட்டும் கூர் இருக்கிறது. படத்தில் அது தெரியவே தெரியாது. கூர்முனையால் ஒரு தையலைத் தூக்கி, இடுக்குக்குள் தள்ளினால் நூல் அறும். எல்லாத் தையலையும் அறுக்க வேண்டியதில்லை. ஒரு பக்கத்தில் நாலைந்து தையலுக்கு ஒன்றாக அறுத்துக்கொண்டே போய், துணியைத் திருப்பி மறுபக்கத்து நூலைப் பிடித்து இழுத்தால் முழு நீளத்துக்கு வந்துவிடும். உருண்டை எதற்கு? துணிக்குள் போகிற குட்டைக் கிளை துணியைக் குத்திவிடாமல் வழுக்கிக்கொண்டு போக. இடுக்கில் உள்ள கூர் மழுங்கினால் நூலை அறுக்காமல் இழுக்கும், தையல் ஓரம் சுருங்கும். அப்போது அதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

இதையெல்லாம் எழுதி, உங்கள் அப்பாவின் தையல் பிரிப்பான் என்று அட்டை எழுதலாம் என்று நான் நினைத்திருந்தேன். அம்மா ஒரு வார்த்தையில் முடித்துவிட்டார்: "அது பேத்தி மிஷின் வாங்குனப்ப கூட வந்தது. சும்மா கெடக்கேன்னு நான்தான் இதுல போட்டேன்." அப்பா எதில் பிரித்தார்? அந்தப் பாதி பிளேடில்தான். தைத்த இரண்டு துணியையும் இரண்டு பக்கம் இழுத்துப் பிடித்து, விறைத்து நிற்கிற நூலில் பிளேடை லேசாக வைத்தால் பட் பட்டென்று விட்டுக்கொண்டே போகும். கை கொஞ்சம் தவறினால் துணி போச்சு. அதைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க நான் சம்மதிக்க மாட்டேன். ஆனால் அட்டையில் எழுத வேண்டும்: இந்தப் பிளேடு சாக் சீவியது, தையலும் பிரித்தது. பிளாஸ்டிக் பிரிப்பான் அதற்கு ஒரு தலைமுறை பின்னால் வந்தது.

அப்பாவின் பெட்டி என்று தலைப்பு எழுதி வைத்திருந்தாள். அதை மாற்றிவிட்டாள். இப்போது பெட்டிக்குள் மூன்று பேர் சாமான் தனித்தனியாக, யாருடையது என்ற வரியோடு இருக்கிறது.

இன்னும் ஒன்று விட்டுவிட்டேன். கறுத்த, ஒரு சாண் நீளக் கம்பி. ஒருபக்கம் முனை மழுங்கத் தேய்த்தது. குழுவில் பின்னல் ஊசி என்றார்கள்; அத்தான் அதற்கும் ஒரு பெயர் வைத்திருந்தார். அம்மா சொன்ன பெயர் குடைக்கம்பி. உடைந்த குடையிலிருந்து எடுத்ததாம். காலரைத் தைத்துத் திருப்பும்போது முனை உள்ளேயே மடிந்து நிற்கும் அல்லவா, அதை உள்ளிருந்து மெல்லத் தள்ளி வெளியே கொண்டுவர. கத்தரிக்கோல் முனையால் தள்ளினால் காலர் நுனி கிழிந்துவிடும். அட்டையில் குடைக்கம்பி என்றே போட்டாயிற்று. அத்தான், இதில் நீங்கள் திருத்த ஒன்றும் இல்லை, சுத்தமான தமிழ்.

கண்காட்சி வருகிற வெள்ளிக்கிழமை. அம்மாவும் போகிறார், பெட்டி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார. பித்தளையில் ஒரு சின்னத் தகடு, நடுவில் கீறல் மாதிரி ஒரு பிளவு, அது மட்டும் என்னவென்று அம்மாவுக்கும் தெரியவில்லை. அவர் மாமனார் காலத்திலிருந்தே பெட்டியில் கிடக்கிறதாம். அதன் அட்டையைப் பெயர் எழுதாமல் வைக்கச் சொல்லியிருக்கிறேன். உங்களில் யார் வீட்டிலாவது பழைய தையல்காரர் இருந்தால், கூட்டிக்கொண்டு போய் அவர் கையில் கொடுத்துக் கேளுங்கள். தயவுசெய்து படத்தைப் பார்த்து இங்கே பெயர் எழுத வேண்டாம்.